மேக்ஸ் மட்டும் வச்சா போதாது

அரேல அடுத்தடுத்து இருக்கற எண்களைப் பெருக்கி வர்ற மிகப்பெரிய புராடக்ட்டைக் கண்டுபிடிக்கற கணக்குக்கு ஒருத்தர் சொன்ன வழி இது: "நெகட்டிவ் வந்தா புராடக்ட்டை 1-க்கு ரீசெட் பண்ணிடுங்க, மேக்ஸ் மட்டும் டிராக் பண்ணா போதும்."

போதாதுங்க. `[2, -5, 3, -4]` ஓட்டிப் பாருங்க, இப்படிப் போனா 3 தான் வரும், சரியான விடை 120. -5-ல மினிமம் -10 ஆகுது, 3-ல -30, அதைத் தூக்கிப் போடாம வச்சிருந்தா தான் கடைசி -4 அதை 120 ஆக்கும்.

```
hi, lo = max(x, hi*x, lo*x), min(x, hi*x, lo*x)
```

x இப்போ பாக்கற எண், hi அதுல முடியற மேக்ஸ் புராடக்ட், lo மினிமம். ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க, hi-யை முதல்ல மாத்திட்டா அந்த -4-ல lo -12-க்கு பதிலா -480-னு கெட்டுப்போயிடும், இந்த பக் நிறைய பேர் கோட்ல பாக்கறேன்.

ஜீரோ வந்தா அங்கே அரேயை உடைக்கணும்னு சிலர் சொல்றது பாதி சரி. மேல இருக்கற வரில x-உம் போட்டில இருக்கறதால தானாவே உடையும், ஆனா ஜீரோவையே விட்டுட்டுத் துண்டு துண்டா பாத்தா `[-2, 0, -3]`-க்கு -2-னு வரும், விடை 0.