ஆறு மணிக் கூட்டத்தைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

முந்தநாள் முதல் பலரும் பகிர்ந்துவரும் அந்தப் பதிவை நானும் வாசித்தேன். கிளிநொச்சிப் பக்கத்து அரிசி மில் ஒன்றில் வேலை தொடங்கும் நேரத்தில் எல்லோரும் வட்டமாக நின்று கதைத்துக்கொண்டிருந்ததால் ஒரு ட்ரையர் நெல் பாழாகிவிட்டது என்றும், இனி அந்தக் கூட்டத்தை நிறுத்திவிட்டோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். எந்த மில் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அங்கேதான் பகல் ஷிப்ட்டுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இரவு ஷிப்ட் பகல் ஷிப்ட்டிடம் வேலையை ஒப்படைக்கும் அந்தக் காலை ஆறு மணிக் கூட்டத்தை ஆறு வருடங்களாக நடத்தி வந்தவள் என்பதால் மௌனமாக இருக்க முடியவில்லை.

நெல்லைப் பாழாக்கியது கூட்டம் அல்ல. அன்று கூட்டம் நடக்கவேண்டிய விதத்தில் நடக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்களுடையது புழுங்கல் அரிசி மில். ஊறவைத்து அவித்த நெல்லை ட்ரையரில் காயவைப்பது இரண்டு கட்டமாக நடக்க வேண்டும். முதற் கட்டத்தில் ஈரம் நிறைய இருப்பதால் நூறு பாகை வரையான சூட்டுக் காற்றையும் நெல் தாங்கிக்கொள்ளும். ஈரப்பதன் 17 சதவீதம் அளவுக்கு இறங்கியதும் நெருப்பை எடுத்துவிட்டு, குறைந்தது நான்கு மணித்தியாலம் நெல்லை அப்படியே ஆறவிட வேண்டும். அந்த நேரத்தில் மணியின் நடுவில் இருக்கும் ஈரம் மெல்ல வெளிப்பக்கம் வந்து சமமாகும். பிறகு 75 பாகைக்கு மேற்படாத சூட்டில் 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் ஆறவிடாமல் ஒரே மூச்சில் காயவைத்தால் வெளிப்பக்கம் சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், மணி உள்ளுக்குள் வெடிக்கும். அந்த வெடிப்பு பெரும்பாலும் உடனே தெரியாது. சில மணித்தியாலங்கள் கழிந்த பின், சில வேளை மறுநாள், உமி நீக்கிய அரிசியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் மயிரிழை போன்ற கோடு குறுக்கே ஓடியிருக்கும். மில்லில் போட்டால் அந்தக் கோட்டிலேயே முறியும்.

அன்று அதிகாலை 5.40க்கு இரவு ஷிப்ட் ட்ரையர்த் தம்பி 17 சதவீதத்தில் நெருப்பை எடுத்திருந்தான். பத்து மணிக்கு முன்னர் மூட்டக் கூடாது என்பதுதான் அவன் சொல்லவேண்டியிருந்த ஒரே செய்தி. ஆறு மணிக்கு நாங்கள் நின்றோம். தொட்டிக்காரர் சொன்னார், பொயிலர்க்காரர் சொன்னார், அடுத்தது ட்ரையர். அந்த இடத்தில் முகாமையாளர் வந்து, முதல் நாள் ஒருவர் கால் மணித்தியாலம் பிந்தி வந்ததைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். ஒழுக்கம், பொறுப்பு, மற்ற மில்கள், தன்னுடைய இளமைக் காலம் என்று 6.31 வரை பேச்சு நீண்டது. அதற்குள் இரவு ஷிப்ட்காரர்களின் பஸ் வரும் நேரமாகிவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். பகல் ட்ரையர்க்காரர் போய்ப் பார்த்தார். நெருப்பில்லை, பதிவேட்டில் 17 என்று இருக்கிறது. எரிக்கும் உமி தீர்ந்ததால் நின்றிருக்கும் என்று நினைத்து 6.45க்கு முதற் கட்டச் சூட்டிலேயே மீண்டும் மூட்டினார். ஒன்பது மணிக்கு முன்னரே 14க்குக் கீழே போய்விட்டது. அடுத்த நாள் மில்லில் வழமையைவிட மும்மடங்கு குறுணல் விழுந்தது.

தண்டனை யாருக்கு? சொல்லாமல் போனான் என்று இரவுத் தம்பிக்குச் சம்பளக் குறைப்பு. அவன் முப்பத்தொரு நிமிடம் வாய்மூடி நின்றது, பேசிக்கொண்டிருந்தவர் முகாமையாளர் என்பதால்.

இந்தக் கூட்டம் எப்படி நடக்கவேண்டும் என்பதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஏழு பேர் பொயிலர் அறை வாசலில் நிற்கிறோம். கதிரை இல்லை, தேநீர் இல்லை. பிந்தி வருபவருக்காகக் காத்திருப்பதில்லை. ஷிப்ட் முடித்துப் போகிறவர் மூன்று வசனம் சொல்வார்: என்னுடைய இடம் இப்போது என்ன நிலையில் இருக்கிறது, அடுத்து எத்தனை மணிக்கு என்ன செய்யவேண்டும், எது சரியில்லை. அன்று தொட்டிக்காரர் சொன்னது இதுதான்: “இரண்டாம் தொட்டிக்கு 2.45க்குச் சுடுநீர் விட்டது. 6.30க்கு வடிக்கவேணும். வடிக்கிற வால்வு இறுக்கமாயிருக்கு, ரெண்டு பேர் வேணும்.” பத்து விநாடிகூட ஆகவில்லை. பொறுப்பை ஏற்பவர் அதில் நேரம் உள்ள வசனத்தை மட்டும் திருப்பிச் சொல்வார்: “6.30க்கு வடிக்கவேணும்.” திருப்பிச் சொல்லும்போதுதான் தவறாகக் கேட்டது வெளிப்படும். ஒருமுறை 6.30ஐ 7.30 என்று திருப்பிச் சொன்னவரை அந்த இடத்திலேயே திருத்தினோம்.

ஒருவர் சொன்னதைப் பற்றி மற்றவர் காரணம் கேட்கத் தொடங்கினால், யார் வேண்டுமானாலும் “பிறகு” என்று சொல்லலாம். அந்தச் சொல் விழுந்தால் பேச்சு அடுத்தவருக்குப் போகும், சம்பந்தப்பட்ட இருவரும் கூட்டம் முடிந்த பின் நின்று பேசுவார்கள். வால்வு ஏன் இறுகியது என்பது ஏழு பேரும் கேட்கவேண்டிய விடயம் அல்ல. ஒருவருக்கு அரை நிமிடம், எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள். ஏழு நிமிடம் ஆன நாட்களில் எங்கே பிழைத்தது என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அங்கேயே பிரச்சினையைத் தீர்க்க முயன்றிருப்பார், அல்லது யாரோ ஒருவர் ஏசப்பட்டிருப்பார். ஏசுகிற இடத்தில் மறுநாள் முதல் ஒருவரும் மூன்றாவது வசனத்தைச் சொல்லமாட்டார்கள். “எல்லாம் சரி” என்பார்கள். அந்த இரண்டு சொற்களைக் கேட்டால் எனக்குப் பயம் வரும்.

இதை நான் எந்தப் பயிற்சியிலும் படிக்கவில்லை. இரணைமடுத் தண்ணீரில் சிறுபோகம் செய்த காலத்தில், முறைத் தண்ணீர் மாறும் நேரத்துக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். வரம்பில் நின்றபடியே அடுத்த முறைக்காரரிடம் அப்பா சொல்வார்: “மூண்டாம் மடை திறந்திருக்கு. விடியமுன்னம் பூட்டு. மேல் வரம்பில நண்டு வளை ஒண்டு கசியுது.” அவர் தலையை ஆட்டி, “விடியமுன்னம் பூட்டுறன்” என்பார். அவ்வளவுதான். அவர்களுக்குள் எல்லைச் சண்டை ஒன்று இருந்தது, வருடக் கணக்கான சண்டை. அதை அந்த நேரத்தில் ஒருநாளும் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் தண்ணீர் கீழ்வயலை மூடியிருக்கும்.

பதிவேட்டில் எழுதினால் போதாதா என்று அந்தப் பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். பதிவேடு வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று பதிவேட்டில் 17 என்றும் நேரமும் சரியாகவே எழுதப்பட்டிருந்தன. ஏன் நிறுத்தினான், எப்போது மூட்டலாம் என்பது அதில் இல்லை. அதற்குக் கட்டமும் இல்லை. எழுத்தைப் பார்த்து ஊகிக்கலாம், எழுத்திடம் திருப்பிக் கேட்க முடியாது.

சின்ன மில்லுக்கு இவ்வளவு முறை எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1988 ஜூலை 6 அன்று ஸ்கொட்லாந்துக்கு அப்பால் வட கடலில் பைப்பர் அல்பா என்ற எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. அந்தச் செய்தி இரவு ஷிப்ட்டின் காதுக்குப் போய்ச் சேரவில்லை, அவர்கள் அந்தப் பம்பை இயக்கினார்கள். எங்கள் மில் எண்ணெய் மேடை அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்களிடமும் உமியில் எரியும் பொயிலர் இருக்கிறது. நீர்மட்டக் கண்ணாடி சரியாகக் காட்டவில்லை என்ற ஒரு வசனம் விடுபட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் பொயிலர் அண்ணையைக் கேளுங்கள். அவர் கூட்டத்தில்கூட அடுப்புக்கு முதுகு காட்டி நிற்கமாட்டார். எல்லோரும் கூடினால் இயந்திரத்தை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் அதுவே பதில். அவருக்காகத்தான் நாங்கள் அவருடைய வாசலில் கூடுகிறோம்.

எனக்கு உண்மையாகவே வலித்தது இன்னொரு பின்னூட்டம். மூன்று வசனத்தில் வாயை அடைத்துவிட்டு, தொழிலாளி தன் மனக்குறையை எங்கே சொல்வது என்று கேட்டிருந்தார்கள். என்னைப் பார்த்து இந்தக் கேள்வியா? மூடை தைக்கும் இரண்டு அக்காமார் எங்களிடம் இருக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு முன்னர் அவர்களிடம் ஒருவரும் எதையும் கேட்டதில்லை. கூட்டத்துக்கு வந்த முதல் கிழமையும் தலை குனிந்தே நின்றார்கள். இரண்டாம் கிழமை அவர்களில் ஒருவர்தான் சொன்னார், அரிசி மூடைக்குள் வரும்போதே வழமையைவிடச் சூடாக இருக்கிறது என்று. பார்த்தால் உமி நீக்கும் ரப்பர் உருளை தேய்ந்து, இடைவெளி மாறி, நெல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவருடைய அரை நிமிடத்தை ஒருவரும் பறிக்க முடியாது என்பதால்தான் அவர் பேசினார். நேரம் வரையறுக்கப்படாத இடத்தில் யார் பேசுவார்கள் என்று அன்று 6.31 வரை எல்லோரும் பார்த்தோம். மனக்குறையைக் கேட்க வேறு நேரம் வைக்கச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தவளும் நான்தான்.

என்னுடைய பிழையும் இருக்கிறது. நெல் போகும் வழியிலேயே பேச்சும் போகட்டும் என்று தொட்டி, பொயிலர், ட்ரையர், மில், மூடை என வரிசை வைத்தவள் நான். அழகான வரிசை, ஆனால் பிழையான வரிசை. அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் தவறு நடக்கக்கூடியவர் முதலில் பேசியிருக்கவேண்டும். நிறுத்தி வைத்திருக்கும் இயந்திரமும் அதில் சேரும், அதைத்தான் யாரும் தெரியாமல் இயக்கிவிடுவார்கள். அப்படி வைத்திருந்தால் அன்று தம்பி முதலாவதாகப் பேசியிருப்பான், பிறகு யார் எவ்வளவு நேரம் பேசினாலும் நெல் தப்பியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. “பிறகு” என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று விதி வைத்தவள் நான். முகாமையாளர் பேசியபோது அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. முப்பத்தொரு நிமிடம் நானும் நின்றேன். இருபது வயதுத் தம்பி பேசவில்லை என்று சம்பளத்தைக் குறைத்தவர்கள், நேரத்தைப் பார்க்கவேண்டிய என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. குறைத்த தொகையை அவனுக்குத் திருப்பிக் கொடுத்து என் சம்பளத்தில் பிடிக்கும்படியும், கூட்டத்தை மீண்டும் நடத்த அனுமதிக்கும்படியும் வெள்ளிக்கிழமை கடிதம் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. இப்போது தினமும் 5.40க்கே வந்து, ஏழு பேரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.