மறைத்தால் மட்டும் போதாது

மக்கள்தொகை அட்டவணையில் ஓரிருவர் மட்டுமே உள்ள கட்டம், அவர்கள் யார் என்று காட்டிக்கொடுத்துவிடலாம். "ஒன்று, இரண்டு என்று வரும் கட்டங்களை மட்டும் மறைத்தால் போதாதா?"

போதாது. ஊரில் மொத்தம் 17 பேர், அதில் ஆண்கள் 15 என்று போட்டுவிட்டுப் பெண்கள் கட்டத்தை மறைத்தால், கழித்துப் பார்ப்பவருக்கு 2 கிடைத்துவிடும். அதனால் ஆண்கள் கட்டத்தையும் மறைக்க வேண்டிவரும், அட்டவணையே ஓட்டையாகிவிடும்.

நியூசிலாந்து புள்ளிவிவரத் துறை வேறு வழியில் போகிறது. மூன்றின் மடங்குகள் அப்படியே நிற்கும். மற்றவை குலுக்கல் முறையில் பக்கத்தில் உள்ள இரு மடங்குகளில் ஒன்றுக்கு மாறும்: 4 என்பது மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் 3 ஆகும், ஒரு பங்கு வாய்ப்பில் 6 ஆகும். அச்சில் 3 இருந்தால், உண்மை 1 முதல் 5 வரை எதுவாகவும் இருக்கலாம்.

கேட்கும்போதெல்லாம் புதிதாகக் குலுக்கினால் இது உடைந்துவிடும். அதே அட்டவணையைப் பலமுறை எடுத்துச் சராசரி பார்த்தால் சரியாக 4 வந்து நிற்கும். ஆகவே ஒரு கட்டத்துக்கு ஒருமுறை விழுந்த விடையே எப்போதும் வரும்படி செய்கிறார்கள்.

மொத்தத்தையும் தனியாகவே மாற்றுவதால் கூட்டல் பொருந்தாமல் போகலாம், அது பிழையல்ல. ஆனால் ஐம்பது சிறு பகுதிகளை நீங்களே கூட்டினால், விடை எட்டு, பத்து பேர் வரை விலகுவது சகஜம். பெரிய பகுதிக்கு அவர்களே வெளியிட்ட மொத்தத்தை எடுங்கள். அதில் விலகல் 2-ஐத் தாண்டாது.