'ஷுட்'டை 'ஷால்' ஆக்கினால் ஸ்பெக் இறுகிவிடாது

டெண்டர் வெளியாவதற்கு முந்தைய வாரம் ஸ்பெக்கைத் திறந்து, பரிந்துரையைச் சொல்லும் 'ஷுட்' இருக்கும் இடத்தையெல்லாம் மொத்தமாகக் கட்டாயத்தைச் சொல்லும் 'ஷால்' என்று மாற்றிவிட்டு, "இறுக்கியாச்சு" என்று சொல்கிற ஆட்களை சிங்கப்பூர் கட்டுமானத் துறையில் இருக்கும் நண்பர்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடில்லை. சோதிக்க முடியாத வாக்கியம் 'ஷால்' போட்ட பிறகும் சோதிக்க முடியாததுதான். விலை மட்டும் ஏறும்.

இங்கே பெய்கிற மழைக்கு எந்தக் கட்டடத்திலும் பேஸ்மென்ட் கார் பார்க்கின் சம்ப் பம்ப் முக்கியமான சமாசாரம். அதையே எடுத்துக்கொள்வோம். வாக்கியங்களைத் தமிழில் தருகிறேன். 'வேண்டும்' என்று வருமிடத்தில் மூலத்தில் 'ஷால்' இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய ப்ராஜெக்டிலிருந்து காப்பி ஆகி வரும் வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நீர்மட்டம் உயர்ந்தால் பம்புகள் விரைவாகத் தாமே இயங்கி, ஒன்று பழுதானால் மற்றது பொறுப்பேற்று, எச்சரிக்கையும் அனுப்பப்பட வேண்டும்."

டெஸ்டிங் நாளன்று பம்ப் ஓடுகிறது. அதை டிரிப் செய்தால் இரண்டாவதும் வருகிறது. பம்ப் பேனலில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் கண்ட்ரோல் ரூமில், கட்டடம் முழுவதையும் கண்காணிக்கும் பி.எம்.எஸ். திரையில் ஒன்றும் இல்லை. இப்போது இது பாஸா, ஃபெயிலா? சோதனைப் பட்டியலில் இந்த வாக்கியத்துக்கு ஒரே எண், ஒரே வரிசை. "பாதி பாஸ்" என்று எழுத அதில் இடமில்லை. "எச்சரிக்கை அனுப்பியாச்சே, விளக்கு எரியுதே" என்பார் கான்ட்ராக்டர். வாக்கியத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது தப்பில்லை.

இதில் பெரிய குற்றவாளி 'விரைவாக' அல்ல, அதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 'அனுப்பப்பட வேண்டும்' என்பதுதான். யார் அனுப்புவது, எங்கே? பம்ப் சப்ளையர் தன் பேனலில், வெறும் ஸ்விட்ச் போல மாறி சிக்னல் தரும் ஒரு வோல்ட் ஃப்ரீ கான்டாக்ட் கொடுத்துவிட்டுத் தன் வேலை முடிந்தது என்பார். பி.எம்.எஸ். சப்ளையர் தன் கண்ட்ரோலரில் இன்புட் ஒதுக்கிவிட்டுக் காத்திருப்பார். நடுவில் போக வேண்டிய கேபிள் இருவர் விலையிலும் இருக்காது. அப்புறம் வேரியேஷன் ஆர்டர், அதற்கொரு மீட்டிங்.

நான் இதை இப்படி உடைப்பேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், சம்பின் ஆழமும் நீர்வரத்தும்தான் அவற்றைத் தீர்மானிக்கும்.

முதலாவது: ஆட்டோ நிலையில், நீர்மட்டம் சம்ப் தரையிலிருந்து 600 மி.மீ. எட்டிய 5 விநாடிக்குள் பம்ப் பேனல் முதல் பம்பை இயக்க வேண்டும்.

இரண்டாவது: ஆட்டோ நிலையில், ஓடும் பம்ப் டிரிப் ஆன 10 விநாடிக்குள் பம்ப் பேனல் மற்ற பம்பை இயக்க வேண்டும்.

மூன்றாவது: ஒரு பம்ப் டிரிப் ஆனால், பம்ப் பேனல் அந்தப் பம்புக்குரிய வோல்ட் ஃப்ரீ கான்டாக்டை 2 விநாடிக்குள் மாற்ற வேண்டும்.

நான்காவது: ஒரு பம்புக்குரிய வோல்ட் ஃப்ரீ கான்டாக்ட் மாறிய 5 விநாடிக்குள் பி.எம்.எஸ். தன் திரையில் அந்தப் பம்பின் எண்ணுடன் எச்சரிக்கையைக் காட்ட வேண்டும்.

கேபிளை யார் இழுப்பது என்பதற்கு இதில் இடமில்லை. அது ஒப்பந்தக்காரரின் கடமை, வேலை வரம்புப் பகுதியில் தனியாக வரட்டும். அமைப்பு என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஆள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரே பட்டியலில் கலந்தால் சோதிக்கிறவருக்குத்தான் தலைவலி.

'ஆட்டோ நிலையில்' என்று திரும்பத் திரும்ப வருவது அலுப்பாகத்தான் இருக்கும். இருக்கட்டும், ஒவ்வொரு வாக்கியத்தையும் யாரோ தனியாக எடுத்துப் படிப்பார்கள். 'மற்றும்' கண்ணில் பட்டாலே வெட்டுகிற ஆர்வமும் வேண்டாம். "ஆட்டோ நிலையில் இருந்து, மட்டமும் 600-ஐ எட்டினால்" என்பது நிபந்தனை. அதை வெட்டினால் அர்த்தமே மாறிவிடும். வெட்ட வேண்டியது 'வேண்டும்' பக்கத்தில் இரண்டு செயல் இருந்தால்தான்.

சொல் விஷயத்தில் ஐ.எஸ்.ஓ. தரநிலைகளை எழுதும் விதியே போதும்: 'ஷால்' கட்டாயம், 'ஷுட்' பரிந்துரை, 'மே' அனுமதி. இணைய நெறிமுறைகளுக்கான ஆர்.எஃப்.சி. 2119, 1997-இல் 'மஸ்ட்', 'ஷால்' இரண்டுக்கும் ஒரே பொருள் கொடுத்தது. நம் ஸ்பெக்கில் இரண்டும் கலந்து வந்தால், எதற்காக இரண்டு சொல் என்று ஒரு வக்கீல் நிச்சயம் கேட்பார். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த நான்கும் பாஸ் ஆனாலும் கார் பார்க்கில் தண்ணீர் நிற்கலாம், பம்பின் கொள்ளளவே போதாமல் இருந்தால். அதனால் இவற்றுக்கு மேலே ஒன்று தேவை: வடிவமைப்பு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை லிட்டர் இருக்கும்போது, ஒரு பம்ப் மட்டும் ஓடினாலும், பம்ப் அமைப்பு சம்பின் நீர்மட்டத்தை 1,000 மி.மீ.-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அந்த லிட்டர் கணக்கை வடிகால் டிசைன் செய்தவரிடம் கேட்டு வாங்கும்வரை அந்த இடத்தை காலியாகவே வைத்து, மஞ்சள் அடித்து வையுங்கள். 'போதுமான அளவு' என்று மட்டும் நிரப்பிவிடாதீர்கள்.