யாக்கோபின் தலையணை இங்கே எதற்கு?

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்த வொயிஸ் மெசேஜ் வந்திருக்கும். அதனால் திருப்பிச் சொல்லப் போவதில்லை. பிரசங்கம் பண்ணிய ஐயா முக்கால் மணித்தியாலத்தில் யாக்கோபு தலைக்கு வைத்த கல், தாவீது ஆற்றில் பொறுக்கிய ஐந்து கல், கல்லறை வாசல் கல் எல்லாவற்றையும் கிறிஸ்துவாகிய மூலைக்கல்லோடு கட்டி, கடைசியில் "இந்த மாதம் உங்கள் வீட்டுக் கல் புரளும்" என்று முடித்தார். நானும் ஆமென் சொன்னேன், பழக்க தோஷம். அதுவரைக்கும் பரவாயில்லை. "இதெல்லாம் நான் சொல்லவில்லை, ரெபரன்ஸில் இருக்கிறது" என்று பைபிளைத் தூக்கிக் காட்டினாரே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

ரெபரன்ஸ் என்பது வசனம் அல்ல. இந்த வசனத்தோடு இன்ன வசனத்தையும் பார் என்று பைபிளின் ஓரத்தில் இருக்கிற அந்தச் சின்ன எழுத்துகளை மனிதர்கள் போட்டார்கள். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் ஓரத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரம்தான் இருந்தன. 1769இல் ஒக்ஸ்போர்டில் பிளேனி என்பவர் இன்னும் முப்பதாயிரம் அளவில் சேர்த்தார். அதாவது யாரோ ஒருவர் மேசையில் இருந்து, "இதைப் படிக்கும்போது அதுவும் நினைவுக்கு வருகிறது" என்று எழுதி வைத்தது. சில இடத்தில் அவர் காட்டுவது நேரடி மேற்கோள், சில இடத்தில் ஒரே சம்பவம், சில இடத்தில் வெறும் ஒரே சொல். மூன்றுக்கும் ஒரே அளவு எழுத்துத்தான். எது எது என்று பார்க்கிற வேலை உங்களுடையது.

கல்லையே எடுப்போம், கல்லால்தானே அடி வாங்கினோம். தொடங்க வேண்டிய இடம் 1 பேதுரு 2:4-8. ஏனென்றால் அங்கே பேதுருவே முந்தின கல் வசனங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார், நாம் சேர்க்கத் தேவையில்லை. ஆறாம் வசனத்து எழுத்து ஏசாயா 28:16க்குப் போகும். ஏழாம் வசனத்தது சங்கீதம் 118:22க்கு, எட்டாவது ஏசாயா 8:14க்கு. இந்த மூன்றும் நேரடி மேற்கோள். ஒரு தாளில் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், இனி வருவதெல்லாம் இவற்றின் கீழேதான் வரவேண்டும். அப்புறம் முக்கியமானது: அடுத்த எழுத்துக்குத் தாவாதீர்கள். போன இடத்தில் அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். வாசிக்காமல் தாவுகிறவன்தான் யாக்கோபின் தலையணையில் போய் விழுகிறான்.

ஏசாயா 8ஐ வாசித்தால் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். பதினான்காம் வசனத்துக்குச் சற்று மேலே, 12லும் 13லும், இந்த ஜனங்கள் பயப்படுகிறதற்கு நீங்கள் பயப்படவேண்டாம், கர்த்தரையே பரிசுத்தம் பண்ணுங்கள் என்று வருகிறது. அந்த வசனங்களின் ஓரத்தைப் பாருங்கள், பல பதிப்புகளில் 1 பேதுரு 3:14-15 இருக்கும். கல் வசனம் எடுத்த அதே ஏசாயா அதிகாரத்தைப் பேதுரு அடுத்த அதிகாரத்திலும் எடுத்திருக்கிறார்! அவமானப்பட்டு, பயந்துபோய் இருந்தவர்களுக்கு எழுதின கடிதம் அது. கல் அங்கே அதற்குத்தான் வருகிறது. வீட்டுக் கல் புரள்வதற்கு அல்ல.

"வார்த்தை ஒன்றுதானே, கல் என்றால் கல்தானே" என்று கீழே எழுதப் போகிறீர்கள், தெரியும். சரி, ஏசாயா 28:16இல் "விசுவாசிக்கிறவன் பதறான்" என்று இருக்கிறது, பேதுருவில் அதே வசனம் "வெட்கப்படுவதில்லை" என்று இருக்கிறது. வார்த்தைதான் எல்லாம் என்றால் இது வேறு வசனம் ஆகிவிடும். போன வருடம் ஒரு தம்பி "அண்ணா, ரெபரன்ஸ் பிழையாக அடித்திருக்கிறார்கள்" என்றே வந்து நின்றான். பிழை இல்லை. நம் கையில் இருக்கிற ஏசாயா எபிரெயத்திலிருந்து வந்தது, பேதுருவும் பவுலும் இந்த இடத்தில் கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியில் போகிறார்கள். ரோமர் 9:33ஐயும் பக்கத்தில் வையுங்கள்: அங்கே பவுல் ஏசாயா 28ஐயும் 8ஐயும் ஒரே வசனமாகப் பின்னிவிட்டார், அங்கேயும் வெட்கப்படுவதில்லைதான்.

ஆகவே நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த இடம் அந்த இடத்தை அறிந்து பேசுகிறதா? அப்போஸ்தலர் 4:11 அறிந்து பேசுகிறது. ஆலோசனைச் சங்கத்து முன்னால் நின்று, கட்டுகிறவர்களாகிய "உங்களால்" என்று ஒரு சொல்லைப் பேதுரு சேர்த்துவிடுகிறார், சங்கீதம் 118 அப்படியே அவர்கள் முகத்துக்குத் திரும்பிவிடுகிறது. மத்தேயு 21:42ம் மாற்கு 12:10ம் லூக்கா 20:17ம் மூன்று சாட்சி என்று எண்ணாதீர்கள், ஒரே திராட்சத்தோட்ட உவமையின் முடிவு அது, தாளில் ஒரு வரி போதும். லூக்கா 20:18க்கு ஓரத்தில் தானியேல் 2:34 இருக்கும், நசுக்கிப் போடுகிற கல். அதற்கு நான் இன்றுவரை கேள்விக்குறி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். தாவீதின் கூழாங்கல் அந்தக் கேள்விக்கு நிற்காது. யாக்கோபுடையதும் அப்படித்தான். கட்டுகிறவர்களும் இல்லை, தள்ளுகிறவர்களும் இல்லை, இடறுகிறவர்களும் இல்லை. கல் மட்டும் இருக்கிறது.

நானும் இதில் விழுந்தவன்தான். இருபத்திரண்டு வயதில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கூட்டத்தில் "நீங்கள் பூமிக்கு உப்பு" என்பதற்கு ஓரத்தில் கண்டதையெல்லாம் பிடித்துக்கொண்டு போய், உப்பு உடன்படிக்கை வழியாக லோத்தின் மனைவியில் இறங்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். முடிந்ததும் மூலையில் இருந்த அன்ரி ஒருவர், கையில் பிளேன்ரீக் கோப்பையோடு, மெல்லக் கேட்டார்: "தம்பி, அப்ப நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துத் தூணாக வேணுமோ?" அன்றைக்கு நூறாம் நம்பர் பஸ்ஸில் வீடு போய்ச் சேரும் வரைக்கும் காது சுட்டது. ஆனால் அவர் குரூப்பில் போட்டு என்னை நாறடிக்கவில்லை.

நான் சனிக்கிழமை இரவு கேட்டதும் அவ்வளவுதான். தனியாக, மரியாதையாக, "ஐயா, அந்த ரெபரன்ஸ் எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று. பதில் குரூப்பில் வந்தது. படித்த பெருமையாம். ஆவியானவர் இல்லாத அறிவாம். பதினொரு பேர் கைகூப்பிப் போட்டிருந்தார்கள், அதில் மூன்று பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். பெரேயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11 அவர்களை மெச்சுகிறது. கொழும்பில் ஆராய்ந்தால் குரூப்பை விட்டு எடுத்துவிடுவார்கள் போல.

"சாதாரண சனத்துக்கு இவ்வளவு வேண்டுமா" என்று கேட்பவர்களுக்கு: ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு மாலை. புதிதாகத் திறக்கிற ஓரமெல்லாம் ஏற்கனவே தாளில் இருக்கிற வசனத்துக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு வரும்போது நிறுத்திவிடலாம். எபேசியர் 2:20க்குப் போய் வந்தபோது எனக்கு அப்படித்தான் ஆனது, தாளில் பத்து வரிகூட இல்லை.

அந்தத் தாளின் படத்தை இதோடு போட்டிருக்கிறேன், கேள்விக்குறியோடு. செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு எங்கள் வீட்டில் ஏசாயா 28 வாசிக்கிறோம், முழு அதிகாரமும். சாப்பிட்டுவிட்டுக் கைகூப்பிப் போட்ட மூன்று பேரும் வரலாம், பிளேன்ரீ இருக்கும்.