அழைப்பிதழும் லைக்கும்

“குடும்பப் படம், பண்டிகை வாழ்த்து, அரசியல் கருத்து: லிங்க்ட்இன் பக்கத்தில் எதை விடலாம், எதை நீக்க வேண்டும்?”

பண்டிகை வாழ்த்து இருக்கட்டும். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் இரண்டு வரி எழுதினால் யாருக்கும் உறுத்தாது.

முதலில் நீக்க வேண்டியது கல்யாண அழைப்பிதழின் படம். மகிழ்ச்சியில் போட்டிருப்பீர்கள், புரிகிறது. ஆனால் அதை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்: தாத்தா பெயருக்குப் பின்னால் சாதிப் பெயர், வீட்டு முகவரி, அப்பாவின் கைப்பேசி எண், சில அழைப்பிதழ்களில் தலைமை தாங்கும் கட்சிப் பிரமுகரின் பெயர். வேலைக்கு ஆள் தேடுபவர் கேட்கக் கூடாத அத்தனையையும் நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். பிள்ளையின் சீருடைப் படமும் அப்படித்தான். சட்டைப் பையில் உள்ள சின்னமே பள்ளியைக் காட்டிவிடும்.

அரசியலில் பலர் கவனிக்காதது லைக். நீங்கள் ஒரு வரிகூட எழுதாவிட்டாலும், கட்சிப் பதிவுக்கு இட்ட லைக் உங்கள் தொடர்பில் உள்ளவர்களின் பக்கத்தில் உங்கள் பெயரோடு தோன்றக்கூடும். உங்கள் பக்கத்தில் Activity பகுதியைத் திறந்து, Reactions என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழையவை வரிசையாக வரும். வேண்டாதவற்றை அங்கிருந்தே ஒவ்வொன்றாகத் திறந்து எடுத்துவிடலாம். யாரேனும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அதற்கு வழியில்லை.

அரசு ஊழியர் என்றால் இது விருப்பம் சார்ந்த விஷயமே அல்ல. மத்திய அரசின் 1964 நடத்தை விதிகளும் தமிழக அரசின் 1973 நடத்தை விதிகளும் கட்சி அரசியலில் பங்கேற்பதைத் தடுக்கின்றன. அவர்கள் லைக்குகளை இன்றே பார்த்துவிடுவது நல்லது.