விபத்து இழப்பீட்டில் எது வருமானம், எது வருமானம் இல்லை

நாமக்கல்லில் வருமான வரிக் கணக்கு எழுதும் தொழிலில் இருக்கிறேன். லாரி ஊர் என்பதால் விபத்து வழக்கு முடிந்து பணம் வாங்கியவர்கள் அடிக்கடி வருவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “இந்தப் பணத்துக்கு வரி கட்டணுமா சார்?” இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்பக் கூடாது. ஒரே விபத்தில் மூன்று வகைப் பணம் வரலாம். பறிபோனதற்கு ஈடாக வருவது ஒன்று. அது தாமதமாக வந்ததற்கான வட்டி இன்னொன்று. சம்பாதித்திருக்க வேண்டிய காசு வேறு வழியாக வந்து சேர்வது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால் எத்தனையோ குடும்பங்கள் கட்ட வேண்டாத வரியை இழந்திருக்கின்றன. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இறப்பு இழப்பீடு. “மாதச் சம்பளத்தை வைத்துத்தானே கோர்ட்டில் கணக்குப் போட்டார்கள், அப்படியானால் அது சம்பளத்துக்குப் பதில் வந்த பணம்தானே, ஏன் வரி இல்லை?” என்று விவரம் தெரிந்தவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தால் பதில் அதிலேயே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 38 வயதில் நிரந்தர வேலையில் இருந்த ஒருவர் 2019-ல் விபத்தில் இறந்துபோகிறார். சம்பளம் மாதம் 70,000 ரூபாய், ஆண்டுக்கு 8,40,000. அவரை நம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று நான்கு பேர். விபத்து வழக்கை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் 8,40,000-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாது. அவர் கட்டியிருக்கக்கூடிய வருமான வரியை முதலில் கழிக்கும். அந்த ஆண்டின் விகிதப்படி, வழக்கமான சேமிப்புக் கழிவுகள் போக, வரி ஏறத்தாழ 40,000 ரூபாய் என்று வையுங்கள். மீதி 8,00,000. வயது 40-க்குள், நிரந்தர வேலை என்பதால் எதிர்காலச் சம்பள உயர்வுக்காக 50 சதவீதம் கூட்டினால் 12,00,000. தன் சொந்தச் செலவுக்கு அவர் வைத்துக்கொண்டிருப்பார் என்று கால் பங்கைக் கழித்தால் 9,00,000. இந்த ஓர் ஆண்டு இழப்பை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், 36 முதல் 40 வயதுக்கு உரிய எண் 15. மொத்தம் 1,35,00,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு போன்ற சில தலைப்புகளில் சிறு தொகைகள் தனியே சேரும்.

வரியைக் கழிக்காமல் இதே கணக்கைப் போட்டால் 1,41,75,000 வரும். அதாவது 6,75,000 ரூபாயை வரி என்ற பெயரில் குடும்பம் முன்னதாகவே விட்டுக்கொடுத்துவிட்டது. உண்மைச் சம்பளம் என்றால் வரி போக மீதிச் சம்பளம் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொன்னதை 2017-ல் அரசியல் சாசன அமர்வும் ஏற்றுக்கொண்டது. இதற்கு மேலும் அந்தத் தொகைக்கு வரி கேட்டால், ஒரே சம்பளத்துக்கு இரண்டு முறை வரி வாங்குவதாகும்.

இன்னொரு விஷயம். அந்த மனைவி எந்த வேலையும் செய்து அந்தப் பணத்தைச் சம்பாதிக்கவில்லை. குடும்பத்தைத் தாங்கிய ஆள் போய்விட்டார், அதற்கான ஈடு அது. எவ்வளவு இழப்பு என்று அளக்கத்தான் சம்பளம் பயன்பட்டது. அளவுகோல் வருமானம் என்பதற்காக, அளக்கப்பட்டது வருமானம் ஆகிவிடாது. வரித் துறையும் அசல் தொகையில் பொதுவாகக் கை வைப்பதில்லை. சிக்கல் எல்லாம் வட்டியில்தான்.

நம் பக்கத்தில் விபத்து வழக்குகளில் ஏழரை சதவீத வட்டி சாதாரணமாகக் கிடைக்கும், மனு போட்ட நாளில் இருந்து. வழக்கு ஐந்து, ஆறு வருடம் இழுத்தால் வட்டியே பெரிய தொகையாகிவிடும். பழைய சட்டப்படி ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இந்த வட்டியைக் கொடுத்தால் காப்பீட்டு நிறுவனம் 10 சதவீதத்தை டிடிஎஸ்ஸாக, அதாவது முன்கூட்டியே வரியாக, பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம்.

ஒரு கொத்தனார் குடும்பத்துக்கு 20 லட்சம் தீர்ப்பு, ஆறு வருட வட்டி என்று வையுங்கள். வருடத்துக்கு 1,50,000, ஆறு வருடத்துக்கு 9,00,000. மொத்தத்தையும் ஒரே வருடத்தில், ஒரே ஆளின் கணக்காகப் பார்த்து 90,000 ரூபாயைப் பிடித்துவிடுவார்கள். பான் இல்லை என்றால் 1,80,000. மனுதாரர்கள் நான்கு பேர். ஆளுக்குச் சமமாகப் பிரித்து, அந்தந்த வருடத்துக்கு ஒதுக்கிப் பார்த்தால் ஒருவருக்கு வருடம் 37,500 ரூபாய்தான். 50,000 வரம்பைத் தொடவே இல்லை. இப்படிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருந்தது. நடைமுறையில் பலரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இதில் எனக்கு அதிகம் வலிக்கும் இடம் ஒன்று உண்டு. இழப்பீட்டு வட்டியில் பாதியைக் கழித்துக்கொள்ளச் சட்டமே அனுமதித்திருந்தது. அந்த 9,00,000-ல் பாதி 4,50,000. முழு வட்டியும் கொத்தனாரின் மனைவி பெயரில் காட்டப்பட்டு, அவருக்கு வேறு வருமானம் இல்லை என்றால், 5 லட்சம் வரைக்கான தள்ளுபடியில் வரி பூஜ்யம். கணக்குத் தாக்கல் செய்திருந்தால் பிடித்த 90,000-மும் திரும்பி வந்திருக்கும். ஆனால் வாழ்நாளில் ரிட்டர்ன் என்ற சொல்லையே கேட்டிராத ஒருவர் எப்படித் தாக்கல் செய்வார்? வக்கீல் வழக்கோடு நின்றுவிடுவார், ஆடிட்டரிடம் போகச் சொல்ல ஆள் இல்லை. பணம் அரசிடமே தங்கிவிடும்.

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. சேலம் அரசுப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல், தீர்ப்பாயம் தரும் இழப்பீட்டிலும் வட்டியிலும் டிடிஎஸ் பிடிக்கக் கூடாது என்று சொன்னது. 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் இன்னும் ஆழமாகப் போனது. 1978-ல், எட்டு வயதில் கார் மோதி முடங்கிப்போன ஒருவரின் வழக்கு அது. மனு போட்ட நாளில் இருந்து தீர்ப்பு நாள் வரைக்கும், மேல்முறையீடு இருந்தால் அந்தத் தீர்ப்பு வரைக்கும், ஓடும் வட்டி இழப்பீட்டின் ஒரு பகுதிதான், வருமானம் அல்ல என்றது நீதிமன்றம். டிடிஎஸ் பிடிக்க ஒரு பிரிவு இருப்பதாலேயே ஒரு தொகை வரிக்கு உரியதாகிவிடாது என்றும் தெளிவாக்கியது. நான் முழுமையாக ஏற்கும் வாதம் இது. வங்கியில் போட்ட பணத்துக்கு வரும் வட்டி நாமாக முதலீடு செய்து ஈட்டியது. இங்கே குடும்பம் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. விபத்தன்றே கிடைத்திருக்க வேண்டிய பணம் ஆறு வருடம் கழித்து வருகிறது, அதற்குள் விலைவாசி ஏறிவிட்டது, அந்தப் பள்ளத்தை நிரப்புவதுதான் அந்த வட்டி.

2026 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் இதற்கு ஒரு முடிவு சொன்னார். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் தனிநபருக்கு வழங்கும் வட்டிக்கு வருமான வரி கிடையாது, டிடிஎஸ்ஸும் கிடையாது. மனதார வரவேற்கிறேன். அதே சமயம் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அறிவிப்பில் பெயர் சொல்லப்பட்டது மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் மட்டும்தான். ரயிலில் அடிபட்டு ரயில்வே தீர்ப்பாயத்துக்குப் போனவர், வேலையிடத்து விபத்துக்காகத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் போனவர், தவறான சிகிச்சைக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போனவர், இவர்களுக்கு வரும் தாமத வட்டி மட்டும் எந்த வகையில் வேறு? காலை இழந்தவருக்கு அதைப் பறித்தது லாரியா ரயிலா என்பதை வைத்து வரி மாறுவது சரியில்லை. உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் எந்த மன்றம் வட்டி கொடுத்தாலும் விலக்கு வேண்டும்.

சரி, அப்படியானால் விபத்தால் வரும் எதற்குமே வரி கூடாதா? கட்ட வேண்டிய இடமும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மேலே சொன்னதை மட்டும் பேசினால் நம் வாதம்தான் பலவீனமாகும்.

அதே விபத்தில் லாரி உரிமையாளரைப் பாருங்கள். வண்டி இரண்டு மாதம் பட்டறையில் நிற்கிறது. அந்த இரண்டு மாத வாடகை இழப்புக்காக எதிர் வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் இருந்து ஒரு தொகை வாங்குகிறார் என்றால், அது ஓடியிருந்தால் வந்திருக்கும் வாடகையின் இடத்தில் வந்து உட்காரும் பணம். வாடகைக்கு வரி உண்டு என்றால் இதற்கும் உண்டு. தொழில் வருமானத்தில் காட்டித்தான் ஆக வேண்டும். அதே வண்டி முழுச் சேதமாகி காப்பீட்டுத் தொகை வந்தால் கதை வேறு. முறையான கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் அதைத் தேய்மானக் கணக்கில் வண்டிகளின் மீதி மதிப்பில் இருந்து கழிப்பார். மீதி மதிப்பையும் தாண்டி வந்த தொகைக்குத்தான் வரிப் பேச்சு வரும். ஒரே வண்டி, ஒரே விபத்து, ஆனால் இரண்டு காசோலைக்கும் இரண்டு விதக் கணக்கு.

சம்பளக்காரருக்கும் இது பொருந்தும். கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தபோது நிறுவனம் மருத்துவ விடுப்பில் சம்பளம் கொடுத்தது என்றால் அது சம்பளமேதான், ஃபார்ம் 16-ல் வரும், வரி உண்டு. காலில் ஏற்பட்ட நிரந்தர ஊனத்துக்குத் தீர்ப்பாயம் கொடுத்த தொகைக்கு வரி இல்லை. அப்புறம், இழப்பீட்டை வங்கியில் டெபாசிட் செய்தபின் வரும் வட்டி சாதாரண வட்டி வருமானம். மைனர் பிள்ளை பெயரில் நீதிமன்றம் போடச் சொன்ன டெபாசிட்டாக இருந்தாலும், அதன் வட்டி பொதுவாகத் தாய் அல்லது தந்தையின் வருமானத்தோடு சேரும். புதிய விலக்கு இதற்குப் பொருந்தாது. நிறையப் பேர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

முந்தைய வருடங்களில் டிடிஎஸ் பிடிபட்டவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் பிடிபட்ட வரியைக் காட்டும் 26AS அறிக்கையை எடுத்து, பிடித்தது எந்த வருடம், யார் பெயரில் என்று பாருங்கள். நான்கு பேருக்கும் சேர வேண்டிய வட்டியை மனைவியின் பெயரிலேயே காட்டியிருப்பது சகஜம். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் காலம் கடந்திருந்தால், தாமதத்தைப் பொறுத்து ஏற்கும்படி வரித் துறைக்கு மனு கொடுக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை இதற்கு வழி இருக்கிறது. காலம் கடந்தபின் போடும் ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ இதற்கு உதவாது, அதில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் உங்கள் வக்கீலிடம் ஒன்று கேளுங்கள். ஒவ்வொருவரின் பங்கு, அசல் எவ்வளவு, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை வட்டி, வாகனச் சேதத்துக்கு எவ்வளவு, வருமான இழப்புக்கு எவ்வளவு என்று தீர்ப்பிலேயே தனித்தனியாக எழுதி வாங்கச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை என்று எழுதிவிட்டால், அதைப் பின்னால் பிரித்து நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் வந்து விழும்.