பிழை திருத்தப்பட்டது, ஆனால் அது கெடுத்தது அப்படியே இருக்கிறது

மென்பொருளின் புதிய பதிப்போடு வரும் வெளியீட்டுக் குறிப்பில் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். இதை நிறுவியதும் என் வேலை முடிந்ததா, அல்லது நிறுவிய பிறகும் நான் செய்ய வேண்டியது ஏதாவது மீதி இருக்கிறதா? பல குறிப்புகள் இதற்குப் பதில் சொல்வதே இல்லை. "இன்ன பிழை சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. பெரும்பாலான பிழைகளுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால், திருத்தம் வருவதற்கு முன்பே தரவைக் கெடுத்துவிட்ட பிழைக்கு அது போதாது. புதிய பதிப்பு இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, ஏற்கெனவே கெட்டதைத் தானாகச் சரிசெய்யாது. அப்படிப்பட்ட பிழைக்கு எழுதும் குறிப்பு, திருத்தத்தை அறிவிப்பதோடு நின்றுவிட்டால், படிப்பவர் தமக்கு இனி ஆபத்தில்லை என்று நம்பிவிடுவார்.

இதற்கு நல்ல உதாரணம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 14.4 பதிப்பு. வழக்கமான கால அட்டவணைக்குக் காத்திராமல், 2022 ஜூன் 16 அன்று தனியாக வெளியிடப்பட்டது அது. காரணம், 14-ஆம் பதிப்பு தொடங்கியதிலிருந்தே இருந்த ஒரு பிழை. பெரிய டேபிளில் எழுதுவதை நிறுத்தாமலே இண்டெக்ஸ் கட்டுவதற்கு CREATE INDEX CONCURRENTLY, REINDEX CONCURRENTLY என்ற கட்டளைகள் உண்டு. அப்படிக் கட்டிக்கொண்டிருக்கும்போது, இன்னும் தேவைப்படும் பழைய வரிகளைக்கூட டேட்டாபேஸ் தேவையற்றவை என்று கருதித் துடைத்துவிடக்கூடிய நிலை 14-இல் உருவாகியிருந்தது. அதனால் டேபிளில் இருக்கும் சில வரிகளுக்கு இண்டெக்ஸில் பதிவே இல்லாமல் போனது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. தேடும்போது, இருக்கும் வரி கிடைக்காது, அவ்வளவுதான். தனித்தன்மையைக் காக்கும் யுனீக் இண்டெக்ஸாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஏற்கெனவே இருக்கும் மதிப்பு இண்டெக்ஸின் கண்ணில் படாததால், அதே மதிப்போடு இரண்டாவது வரியும் உள்ளே வந்துவிடலாம்.

போஸ்ட்கிரெஸ் குழு எழுதிய குறிப்பில் எனக்குப் பிடித்தது அதன் வரிசை. மாற்றங்களின் பட்டியலுக்கு முன்னாலேயே, பதிப்பு மாறுவோருக்கென்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. 14-இல் இருப்பவர்கள் முழு டேட்டாபேஸையும் இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால், 14-இல் CONCURRENTLY சேர்த்துக் கட்டிய இண்டெக்ஸ்கள் இருந்தால், புதுப்பித்த பிறகு அவற்றை மீண்டும் கட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. முதலில் யாருக்கு, அடுத்து என்ன, எப்போது என்ற மூன்றும் இரண்டே வாக்கியங்களில் வந்துவிடுகின்றன. இண்டெக்ஸ் எப்படிக் கெட்டது என்ற விளக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. எழுதுபவருக்குப் பிழையின் கதைதான் சுவையானது என்பதால் பலரும் அதிலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். படிப்பவர் முதல் பத்தியிலேயே நிறுத்திவிடக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு நல்ல குறிப்பிலும், படிப்பவரின் இடத்தில் நின்று பார்த்தால் ஒரு சிக்கல் மிஞ்சும். "CONCURRENTLY சேர்த்துக் கட்டிய இண்டெக்ஸ்கள் இருந்தால்" என்ற நிபந்தனைக்கு அவர் எப்படி விடை காண்பார்? ஓர் இண்டெக்ஸ் எந்த வழியில் கட்டப்பட்டது என்பதை டேட்டாபேஸ் எங்கும் குறித்து வைப்பதில்லை. கட்டியவர் வேறொருவராக இருக்கலாம். பயன்பாட்டின் மைக்ரேஷன் கோப்பு ஒன்று யாருக்கும் தெரியாமல் கட்டியிருக்கலாம். எனவே, பயனரால் சரிபார்க்க முடியாத நிபந்தனையை எழுதும்போது, "உறுதியாகத் தெரியாவிட்டால் இப்படிச் செய்யுங்கள்" என்ற அடுத்த வரியையும் எழுதியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பிழைக்கு அந்த வரி இரண்டு கட்டளைகளாக அமையும்:

```
pg_amcheck --all --heapallindexed
reindexdb --all --concurrently
```

முதலாவது, டேபிளின் ஒவ்வொரு வரிக்கும் இண்டெக்ஸில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டாவது, பயனர் டேபிள்களின் இண்டெக்ஸ்கள் அனைத்தையும் மீண்டும் கட்டும். ஆனால் கட்டளையை மட்டும் கொடுத்துவிட்டு விட்டுவிடக் கூடாது. அதன் எல்லையும் உடன் வர வேண்டும். முதல் கட்டளை பி-ட்ரீ வகை இண்டெக்ஸ்களில் மட்டுமே இந்தக் குறையைக் கண்டுபிடிக்கும். மேலும், amcheck நீட்சி நிறுவப்படாத டேட்டாபேஸை அது ஓர் எச்சரிக்கையோடு தாண்டிச் சென்றுவிடும். அந்த எச்சரிக்கையைக் கவனிக்காதவர், வேறு குறை எதுவும் வரவில்லை என்பதால், சோதிக்கப்படாத டேட்டாபேஸும் நலமாக இருப்பதாக முடிவு செய்துவிடுவார். இதைக் குறிப்பிலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

படிகளின் வரிசை இந்த விஷயத்தில் உயிர்நாடி. 14.4-ஐ நிறுவும் முன்னரே ஒருவர் ஆர்வத்தோடு இரண்டாவது கட்டளையை ஓட்டினால், பிழையுள்ள அதே நிரல்தான் எல்லா இண்டெக்ஸ்களையும் மீண்டும் கட்டும். நலமாக இருந்தவையும் கெட வாய்ப்புண்டு. புதுப்பிக்கும் முன்பே சரிசெய்தாக வேண்டும் என்றால் CONCURRENTLY இல்லாமல் கட்ட வேண்டும். அப்போது டேபிளில் எழுதும் வேலைகள் அது முடியும்வரை காத்திருக்கும். புதுப்பித்த பிறகு CONCURRENTLY பாதுகாப்பானது, ஆனால் கூடுதல் நேரமும், பழைய இண்டெக்ஸும் புதியதும் சிறிது நேரம் சேர்ந்திருக்கப் போதுமான வட்டு இடமும் தேவை. இரவில் ஒரு மணி நேரம் மட்டும் பராமரிப்புக்கு ஒதுக்கியிருப்பவருக்கு, பிழையின் காரணத்தைவிட இந்தத் தகவல்தான் பெரிது.

அடுத்தது, சொன்னபடி செய்தும் வேலை நடக்காதவரின் நிலை. முன்னே சொன்னபடி இரட்டை மதிப்பு உள்ளே வந்திருந்தால், யுனீக் இண்டெக்ஸை மீண்டும் கட்டும் கட்டளை தோல்வியடையும். திரையில் இப்படி வரும்:

```
ERROR: could not create unique index
```

இதைப் பார்ப்பவர், புதிய பதிப்புதான் எதையோ உடைத்துவிட்டது என்று எண்ணிப் பழைய பதிப்புக்கே திரும்பப் பார்ப்பார். நான் எழுதினால் குறிப்பில் இதைச் சேர்ப்பேன்: "மீண்டும் கட்டும்போது இந்தச் செய்தி வந்தால், டேபிளில் இரட்டை வரிகள் ஏற்கெனவே நுழைந்துவிட்டன என்று பொருள். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, மற்றதை நீக்கிய பிறகு மீண்டும் முயலவும், 14.3-க்குத் திரும்ப வேண்டாம்." எந்த வரியை நீக்குவது என்பதை மென்பொருள் முடிவு செய்ய முடியாது என்பதையும் அதே இடத்தில் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

குறிப்பின் ஆயுளும் ஒரு கவலை. 14.1-இலிருந்து நேரே 14.6-க்குத் தாவுபவர் 14.6-இன் குறிப்பை மட்டும் திறந்து பார்ப்பது இயல்பு. போஸ்ட்கிரெஸ் குறிப்புகள், இடையில் விடுபட்ட பதிப்புகளில் எதையெல்லாம் படிக்க வேண்டும் என்று முன்னைய குறிப்புக்கு வழிகாட்டுகின்றன. செய்ய வேண்டிய பணி உள்ள எந்த மென்பொருளும் பின்பற்ற வேண்டிய வழக்கம் அது. pg_upgrade மூலம் 14.2-இலிருந்து 15-க்குப் போகிறவரின் நிலை இன்னும் கடினம். அந்தக் கருவி இண்டெக்ஸ் கோப்புகளை மீண்டும் கட்டாமல் அப்படியே கொண்டுபோய்விடுவதால், குறைபட்ட இண்டெக்ஸும் கூடவே போகும், அவரோ 14.4-ஐ ஒருநாளும் நிறுவியிருக்க மாட்டார், அதன் குறிப்பைப் பார்த்திருக்கவும் மாட்டார். ஆகவே, தரவைக் கெடுத்த பிழைக்கான அறிவுறுத்தலை, அந்தத் தரவு போய்ச் சேரக்கூடிய அடுத்த பெரிய பதிப்பின் மேம்படுத்தும் வழிமுறையிலும் திரும்ப எழுத வேண்டும். பழைய பதிப்பின் பக்கத்தில் மட்டும் இருந்தால், அது மிகவும் தேவைப்படுபவரின் கையில் போய்ச் சேராது.